இரண்டாம்படிச் சமன்பாடு எந்த வளைவு? அணியையும் ஐகன் மதிப்புகளையும் கொண்டு கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

5x² + 4xy + 8y² − 18x − 36y + 9 = 0 என்று கொடுத்து "இது என்ன வளைவு?" என்கிறார்கள். நான் எங்கே தொடங்குவது?

முதல் மூன்று உறுப்புகளை மட்டும் பாருங்கள். x, y ஆகிய ஒருபடி உறுப்புகளும் மாறிலியும் இப்போதைக்கு ஓரமாக இருக்கட்டும். வளைவின் குடும்பத்தைத் தீர்மானிப்பது இருபடிப் பகுதிதான்.

அந்தப் பகுதியை ஒரு சமச்சீர் அணியாக எழுதுங்கள். x², y² ஆகியவற்றின் கெழுக்கள் மூலைவிட்டத்தில் அமரும். xy-யின் கெழுவைப் பாதியாக்கி மற்ற இரண்டு இடங்களிலும் வைக்க வேண்டும்.

```
M = | 5  2 |
    | 2  8 |
```

ஐகன் மதிப்புகளுக்கான சமன்பாடு λ² − (5 + 8)λ + (5·8 − 2·2) = 0. அதாவது λ² − 13λ + 36 = 0. இதன் மூலங்கள் 9, 4. இரண்டும் ஒரே குறி கொண்டவை என்பதால் இது நீள்வட்டக் குடும்பம். ஒன்று மிகை, மற்றொன்று குறை என்றால் அதிபரவளையக் குடும்பம். ஒன்று சுழி என்றால் பரவளையக் குடும்பம்.

குடும்பம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நீள்வட்டக் குடும்பத்தில் ஒற்றைப் புள்ளியும் இருக்கிறது, எதுவுமே வரையப்படாத வெற்றுக் கணமும் இருக்கிறது. நம் கையில் இருப்பது உண்மையான நீள்வட்டமா என்பதை மாறிலிதான் சொல்லும். அது கீழே வருகிறது.

xy-யின் கெழுவை ஏன் பாதியாக்க வேண்டும்? 4-ஐ ஒரே இடத்தில் வைத்துவிட்டு மற்ற இடத்தில் 0 போட்டால் என்ன?

அணியை இருபுறமும் (x, y) கொண்டு பெருக்கும்போது xy இரண்டு முறை தோன்றுகிறது, மேல் வலது மூலையிலிருந்து ஒரு முறை, கீழ் இடது மூலையிலிருந்து ஒரு முறை. இரண்டும் சேர்ந்து 4 ஆக வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் 2.

ஒரு மூலையில் 4, மற்றொன்றில் 0 என்று வைத்தாலும் அதே பல்லுறுப்புக்கோவை கிடைக்கும். ஆனால் அந்த அணியின் ஐகன் மதிப்புகள் 5, 8 என்று வந்துவிடும். xy உறுப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை மாறாது. அவ்விடை வளைவைப் பற்றி எதுவும் சொல்லாது. சமச்சீர் அணிக்கு மட்டுமே ஐகன் மதிப்புகள் எப்போதும் மெய்யெண்களாகவும், ஐகன் வெக்டர்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகவும் அமையும் என்ற உறுதி உண்டு. நமக்கு வேண்டியது அந்தச் செங்குத்துத் தன்மைதான், ஏனென்றால் அவ்விரு திசைகளே புதிய அச்சுகளாகப் போகின்றன.

பாதியாக்க மறந்து முழுக் கெழுவை இரு இடத்திலும் வைப்பது இதைவிட ஆபத்தானது. x² + 3xy + 4y² = 7 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சரியான அணிக்கோவை, அதாவது ஐகன் மதிப்புகளின் பெருக்கற்பலன், 4 − 2.25 = 1.75, மிகை எண், எனவே நீள்வட்டம். பாதியாக்காமல் விட்டால் 4 − 9 = −5 என்று வந்து, நீள்வட்டத்தை அதிபரவளையம் என்று எழுதிவிடுவீர்கள். தேர்வுத்தாளில் வகை தவறிப்போகும் இடம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டு எண்களின் குறியைப் பார்த்தே வளைவின் வகையைச் சொல்லிவிடலாம் என்பது மந்திரம் போல இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது?

Q(x, y) = 5x² + 4xy + 8y² என்ற இருபடிப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, ஆதியை மையமாகக் கொண்ட ஓரலகு வட்டத்தின் மேல் ஒரு முறை சுற்றி வருவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் Q-வின் மதிப்பைக் குறித்துக்கொண்டே போனால், அது ஏறி இறங்குவதைக் காணலாம். (1, 0)-இல் 5. (0, 1)-இல் 8. (1, 2) திசையில் அது 9 வரை உயர்கிறது; அதற்குச் செங்குத்தான (2, −1) திசையில் 4 வரை தாழ்கிறது. அந்தப் பெரும மதிப்பும் சிறும மதிப்பும்தான் ஐகன் மதிப்புகள். அவை நிகழும் திசைகள்தான் ஐகன் வெக்டர்கள். இதை நேரடியாகச் சரிபார்க்கலாம்: M-ஐ (1, 2)-உடன் பெருக்கினால் (9, 18) வருகிறது, அதாவது 9 மடங்கு. (2, −1)-உடன் பெருக்கினால் (8, −4), அதாவது 4 மடங்கு.

இப்போது அச்சுகளை அந்த இரு திசைகளுக்குத் திருப்புங்கள். (1, 2) திசையில் அளக்கும் தூரத்தை u என்றும், (2, −1) திசையில் அளப்பதை v என்றும் கொள்வோம். xy உறுப்பு மறைந்து Q = 9u² + 4v² ஆகிவிடும். இங்கிருந்து மேற்கொண்டு கண்ணாலேயே பார்க்கலாம். 9u² + 4v² = 36 என்றால், u-வும் v-யும் எல்லையற்று வளர முடியாது; இரண்டு உறுப்புகளும் மிகை எண்கள், கூட்டுத்தொகை 36-ஐத் தாண்டக் கூடாது. வளைவு மூடிக்கொள்கிறது. குறிகள் எதிரெதிராக இருந்தால் ஒன்றின் வளர்ச்சியை மற்றொன்று ஈடுசெய்துகொண்டே போகலாம். வளைவு முடிவின்றி ஓடும், அது அதிபரவளையம். ஒரு மதிப்பு சுழி என்றால் அந்தத் திசையில் இருபடிப் பகுதி எந்த எதிர்ப்பும் காட்டாது. அங்கே ஒருபடி உறுப்பு மட்டுமே ஆட்சி செய்யும், அதுதான் பரவளையம்.

திருப்பினாலும் நகர்த்தினாலும் இந்த எண்கள் மாறுவதில்லை. ஆனால் சமன்பாடு முழுவதையும் −1-ஆல் பெருக்கினால் இரு குறிகளும் சேர்ந்து புரளும். ஆகவே −9, −4 என்று கிடைத்தாலும் அது நீள்வட்டக் குடும்பமே. மிகையா குறையா என்று பார்ப்பதைவிட, ஒரே குறியா எதிர்க் குறியா என்று பாருங்கள்.

பள்ளியில் B² − 4AC என்ற தன்மைக்காட்டியே போதும் என்று படித்தேன். ஐகன் மதிப்புகள் எதற்கு?

வகையைச் சொல்ல மட்டும் என்றால் அதுவே போதும். இரண்டும் ஒன்றுதான்: x², xy, y² ஆகியவற்றின் கெழுக்கள் முறையே A, B, C என்றால், M-இன் அணிக்கோவை AC − B²/4, தன்மைக்காட்டி அதன் −4 மடங்கு. நம் எடுத்துக்காட்டில் 16 − 160 = −144, அதாவது −4 × 36. அணிக்கோவை என்பது ஐகன் மதிப்புகளின் பெருக்கற்பலன் என்பதால், தன்மைக்காட்டி உங்களுக்குத் தருவது அந்தப் பெருக்கற்பலனை மட்டுமே.

பெருக்கற்பலன் 36 என்றால் 9 × 4 ஆகவும் இருக்கலாம், 6 × 6 ஆகவும் இருக்கலாம், 36 × 1 ஆகவும் இருக்கலாம். 6 × 6 என்றால் அது வட்டம். 36 × 1 என்றால் ஒரு பக்கம் 6 மடங்கு நீண்ட நீள்வட்டம். மூன்றுக்கும் தன்மைக்காட்டி ஒன்றே. வளைவை வரைய வேண்டியவருக்கு அந்த வேறுபாடுதான் முக்கியம். ஐகன் மதிப்புகள் நீள அகலங்களைத் தரும், ஐகன் வெக்டர்கள் சாய்வைத் தரும்.

சரி, அந்த நீள்வட்டத்தை முழுதாக வரைந்து காட்ட முடியுமா?

முதலில் மையம். சமன்பாட்டின் இடப்பக்கத்தை x-ஐப் பொறுத்தும் y-ஐப் பொறுத்தும் வகைக்கெழு கண்டு சுழிக்குச் சமப்படுத்தி, இரண்டால் வகுத்தால் இவை கிடைக்கும்:

5h + 2k = 9
2h + 8k = 18

தீர்வு h = 1, k = 2. இடப்பக்கத்தில் இந்தப் புள்ளியை இட்டால் மதிப்பு 5 + 8 + 32 − 18 − 72 + 9 = −36. ஆதியை (1, 2)-க்கு நகர்த்தும்போது ஒருபடி உறுப்புகள் முழுதாக மறைந்து, மாறிலியின் இடத்தில் இந்த −36 நிற்கும். ஆகவே சமன்பாடு

9u² + 4v² = 36, அதாவது u²/4 + v²/9 = 1.

அரைக் குற்றச்சு 2, (1, 2) திசையில். அரை நெட்டச்சு 3, (2, −1) திசையில். பெரிய ஐகன் மதிப்புக்குச் சிறிய அச்சு அமைவதைக் கவனியுங்கள். பலர் இதை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். Q வேகமாக வளரும் திசையில் 36 என்ற மதிப்பு சீக்கிரமே எட்டப்பட்டுவிடுகிறது, அதனால் வளைவு மையத்துக்கு அருகிலேயே நின்றுவிடுகிறது.

நெட்டச்சின் முனைகள் ஏறத்தாழ (3.68, 0.66), (−1.68, 3.34). குற்றச்சின் முனைகள் (1.89, 3.79), (0.11, 0.21).

வேலையைச் சரிபார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. மூலச் சமன்பாட்டில் x = −1 என்று இட்டால் 8y² − 40y + 32 = 0, எனவே y = 1 அல்லது 4. மையம் (1, 2) சரியாக இருந்தால், (−1, 1)-க்கு எதிர்ப்புறம் (3, 3)-உம், (−1, 4)-க்கு எதிர்ப்புறம் (3, 0)-உம் வளைவின் மேல் இருக்க வேண்டும். (3, 0)-ஐ இட்டுப் பாருங்கள்: 45 − 54 + 9 = 0. (3, 3)-உம் பொருந்துகிறது. மையம் தவறாக இருந்தால் இந்தச் சோதனை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியில் இருக்கும் 9-க்குப் பதிலாக 45 என்று இருந்தால்?

அணி மாறாது, ஐகன் மதிப்புகள் மாறாது, மையமும் மாறாது. மையத்தில் கிடைக்கும் மதிப்பு மட்டும் −36-இலிருந்து 0 ஆகிறது. 9u² + 4v² = 0 என்பதை நிறைவுசெய்வது u = v = 0 மட்டுமே. நீள்வட்டம் சுருங்கி (1, 2) என்ற ஒரே புள்ளியாகிவிட்டது.

மாறிலியை 54 ஆக்கினால் 9u² + 4v² = −9. இதை நிறைவுசெய்யும் மெய்ப்புள்ளி எதுவும் இல்லை. "ஐகன் மதிப்புகள் இரண்டும் மிகை, ஆகவே நீள்வட்டம்" என்று அதோடு நிறுத்திக்கொள்பவர் இங்கே இல்லாத ஒரு வளைவுக்குப் பெயர் சூட்டிவிடுகிறார். மையத்தில் உள்ள மதிப்பு ஐகன் மதிப்புகளுக்கு எதிர்க் குறியில் இருந்தால் மட்டுமே உண்மையான நீள்வட்டம்.

x² + 4xy + y² = 3 என்பதில் எல்லாக் கெழுக்களும் மிகை எண்கள். அப்படியிருந்தும் விடை அதிபரவளையம் என்கிறது. எப்படி?

கெழுக்களின் குறி வேறு, ஐகன் மதிப்புகளின் குறி வேறு. இங்கே அணியின் மூலைவிட்டத்தில் 1, 1. மற்ற இடங்களில் 2, 2. ஐகன் மதிப்புகள் (1, 1) திசையில் 3, (1, −1) திசையில் −1. (1, −1)-ஐ நேரே இட்டுப் பார்த்தால் புரியும்: 1 − 4 + 1 = −2. x-உம் y-உம் எதிர்க் குறியில் இருக்கும்போது xy உறுப்பு மற்ற இரண்டையும் மீறி இழுத்துவிடுகிறது.

திருப்பிய அச்சுகளில் இது 3u² − v² = 3. மையத்திலிருந்து (1, 1) திசையில் இருபுறமும் 1 அலகு தூரத்தில் முனைகள். வலப்பக்கம் −3 ஆனால் வளைவு (1, −1) திசையில் திறக்கும். முனைகள் √3 தூரத்தில். வலப்பக்கம் 0 ஆனால் v = ±√3 u என்ற வெட்டிக்கொள்ளும் இரு நேர்க்கோடுகள். மற்ற இரண்டு வளைவுகளுக்கும் தொலைத் தொடுகோடுகள் இவைதாம்.

ஒரு ஐகன் மதிப்பு சுழி என்றால் பரவளையம் என்று உறுதியாகச் சொல்லலாமா?

சொல்ல முடியாது. இந்த இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் சுழி மதிப்புள்ள திசையில் வளைவின் போக்கு முழுவதும் ஒருபடி உறுப்புகளைச் சார்ந்தது.

4x² − 4xy + y² என்ற இருபடிப் பகுதியை எடுங்கள். ஐகன் மதிப்புகள் 5, 0. சுழிக்குரிய திசை (1, 2). இந்தப் பகுதி (2x − y)² என்ற முழு வர்க்கம். அணிக்கோவை சுழியாகும்போதெல்லாம் இருபடிப் பகுதி இப்படி ஒரு வர்க்கத்தின் மடங்காகவே இருக்கும்.

முதலில் 4x² − 4xy + y² − 10x − 20y = 0. ஒருபடிக் கெழுக்கள் (−10, −20). இதைச் சுழித் திசையான (1, 2)-உடன் புள்ளிப் பெருக்கல் செய்தால் −10 − 40 = −50. சுழியல்ல. சுழித் திசையில் ஒருபடி உறுப்பு உயிரோடு இருக்கிறது; திருப்பிய அச்சுகளில், இம்முறை (1, 2) திசையில் அளப்பதை v என்று கொண்டால், u² = 2√5 v என்று ஆகி, ஆதியில் முனை கொண்டு (1, 2) திசையில் திறக்கும் பரவளையம் கிடைக்கிறது.

இப்போது 4x² − 4xy + y² − 4x + 2y − 3 = 0. ஒருபடிக் கெழுக்கள் (−4, 2). (1, 2)-உடன் புள்ளிப் பெருக்கல் −4 + 4 = 0. t = 2x − y என்று கொண்டால் மொத்தச் சமன்பாடும் t² − 2t − 3 = 0, அதாவது (t − 3)(t + 1) = 0. 2x − y = 3, 2x − y = −1 என்ற இரண்டு இணைகோடுகள். பரவளையம் எங்கும் இல்லை. மாறிலி +1 ஆக இருந்திருந்தால் அவை ஒன்றாகிவிடும். +5 ஆனால் எதுவுமே இல்லை.

மையத்தைத் தேடினாலும் இதே செய்தி வேறு வடிவில் வரும். முதல் சமன்பாட்டுக்கு 4h − 2k = 5, −2h + k = 10 என்பவை ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன; பரவளையத்துக்கு மையம் கிடையாது. இரண்டாவதற்கு 4h − 2k = 2, −2h + k = −1 என்பவை ஒரே சமன்பாடு; இணைகோடுகளுக்கு நடுவே ஓடும் கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் மையமே.

இத்தனை விதிவிலக்குகளையும் ஒரே சோதனையில் பிடிக்க வழி இருக்கிறதா?

பெரும்பாலும் இருக்கிறது. ஆறு கெழுக்களையும் 3 × 3 சமச்சீர் அணியாக எழுதுங்கள். ஒருபடிக் கெழுக்களும் பாதியாக வேண்டும்.

```
|  5    2   -9 |
|  2    8  -18 |
| -9  -18    9 |
```

இதன் அணிக்கோவை −1296. அது 36 × (−36): M-இன் அணிக்கோவையும் மையத்தில் கிடைத்த மதிப்பும் பெருக்கப்பட்ட எண். மையத்தைக் காணாமலேயே மையத்தின் மதிப்பை இப்படி அறிந்துகொள்ளலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். இந்தப் பெரிய அணிக்கோவை சுழியானால் வளைவு சிதைந்திருக்கிறது: புள்ளியோ, கோடுகளோ, அல்லது இணைகோட்டு வகையில் வெற்றுக் கணமோ. சுழியல்ல என்றால் அதிபரவளையமும் பரவளையமும் உறுதி. நீள்வட்டத்துக்கு மட்டும் இன்னொரு நிபந்தனை வேண்டும்: பெரிய அணிக்கோவையும் ஐகன் மதிப்புகளின் கூடுதலும் எதிர்க் குறியில் இருக்க வேண்டும். இங்கே −1296, 13, சரியாகப் பொருந்துகிறது. மாறிலி 54 ஆனபோது அது +324 ஆகும். சுழியல்லதான், ஆனாலும் வளைவு இல்லை.

அளவீடுகளிலிருந்து கணினி கண்டறிந்த கெழுக்களில் சுழி என்பது சரியாக வருவதே இல்லை. பரவளையத்தை எப்படி அடையாளம் காண்பது?

`det == 0` என்று சோதிக்காதீர்கள். தசமக் கணக்கில் ஏற்படும் சிறு பிழையே விடையை நீள்வட்டத்துக்கோ அதிபரவளையத்துக்கோ தள்ளிவிடும். அணிக்கோவை ஒரு குறிப்பிட்ட எல்லையைவிடச் சிறியதா என்று பார்ப்பதும் சரியல்ல: சமன்பாட்டை 1000-ஆல் பெருக்கினால் வளைவு மாறாது, அணிக்கோவையோ பத்து லட்சம் மடங்காகிவிடும். ஐகன் மதிப்புகளின் விகிதத்துக்கு அந்தக் குறை இல்லை. எந்த எண்ணால் பெருக்கினாலும் அது அப்படியே இருக்கும்.

```python
import numpy as np

A, B, C = 1, 2, 1.0001
M = np.array([[A, B/2], [B/2, C]])
w, V = np.linalg.eigh(M)
print(w, max(abs(w)) / min(abs(w)))
```

சமச்சீர் அணிக்கென்றே உள்ள `eigh` மெய்யெண்களையே தரும், சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தியும் தரும். V-யின் நெடுவரிசைகள் ஐகன் வெக்டர்கள். ஒரு மதிப்பு துல்லியமாகச் சுழியாகவே வந்துவிட்டால் கடைசி வரியின் வகுத்தல் எச்சரிக்கை கொடுக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

இந்த எடுத்துக்காட்டில் மதிப்புகள் ஏறத்தாழ 2.00005, 0.00005; விகிதம் சுமார் 40,000. அதன் வர்க்கமூலம் 200. கணிதப்படி இது அகலத்தைப் போல 200 மடங்கு நீளமான நீள்வட்டம். உங்கள் கெழுக்கள் நான்கு தசம இடங்கள் வரை நம்பத்தக்கவை அல்ல என்றால், 1.0001-இன் கடைசி 1 வெறும் அளவீட்டுப் பிழையாக இருக்கலாம். அப்போது இதற்கும் பரவளையத்துக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் தரவால் சொல்லவே முடியாது. எனவே விகிதத்துக்கான எல்லையைக் கெழுக்களின் துல்லியத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சிறிய ஐகன் மதிப்பு கெழுக்களில் உள்ள பிழையின் அளவிலேயே இருந்தால், அதன் குறியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.